ஆப்பை டெலிட் பண்ணியாச்சு, காசு மட்டும் ஏன் போகுது? ஆட்டோபேயைத் தேடிப் பிடிச்சு நிறுத்துற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு 199 ரூபாயோட கதை. சின்ன தொகைதான். ஆனா 14 மாசம் தொடர்ந்து போயிருக்கு. கூட்டிப் பார்த்தா 2,786 ரூபாய். யாரும் திருடல, ஓடிபி கேக்கல, லிங்க் அனுப்பல. அனுமதி கொடுத்தது அக்கவுன்ட்காரரேதான். அந்த அனுமதி எங்க உட்காந்திருக்குன்னு அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்.

நம்ம கேட்பாளர் ஒருத்தர், சடையங்குப்பத்துக்காரர். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவுல இருக்கற ஊர், கன்டெய்னர் லாரி தூசியும் பின்பனிக்கால வெயிலும் ஒண்ணா அடிக்கும். தம்பி கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் வேலை. 2025 ஜனவரியில போன் பண்ணினார்.

"அண்ணா, ஒரு வீடியோ ஆப்புக்கு மாசாமாசம் 199 போகுது. அந்த ஆப்பே என் போன்ல இல்லண்ணா."

"எப்போ போட்டீங்க தம்பி?"

"2023 நவம்பர்ல. ஒரு ரூபாய்க்கு மூணு நாள் ட்ரையல்னு வந்துச்சு. அப்புறம் டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து போன் போயிருச்சு. புது போன் வாங்கினேன், அந்த ஆப்பைப் போடவே இல்ல. போன் போச்சுன்னா அதுவும் போச்சுன்னுதான் நெனச்சேன்."

அவர் சும்மா இருக்கல. அந்த வீடியோ ஆப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணி, சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்தலாம்னு உள்ள போயிருக்கார். உள்ள போனா, "உங்களுக்கு ஆக்டிவ் பிளான் எதுவும் இல்லை"ன்னு காட்டுது. ஏன்னா பழைய போன்ல வேற ஒரு மெயில் ஐடியில லாகின் பண்ணியிருக்கார், அந்த மெயிலோட பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல. கடைக்காரன்கிட்ட போய் நிறுத்துற கதவு மூடிருச்சு. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டா தானியங்கி பதில் மட்டும் வருது.

இந்த இடத்துலதான் நம்ம விஷயமே ஆரம்பிக்குது. பணம் எடுக்கற அனுமதி கடைக்காரன் சைட்ல இல்ல. உங்க பேமென்ட் கணக்குக்குள்ள இருக்கு. அங்கேயே போய் வெட்டலாம். கடைக்காரன் சம்மதம் தேவையில்ல, அவனோட லாகினும் தேவையில்ல.

ரெண்டு தனித்தனி பேப்பர்

இதை இப்படி யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒரு சந்தா எடுக்கறப்போ ரெண்டு பேப்பர் உருவாகுது. ஒண்ணு, உங்களுக்கும் அந்த ஆப்புக்கும் நடுவுல: "நான் படம் காட்டறேன், நீ மாசம் 199 தா." இன்னொண்ணு, உங்களுக்கும் உங்க வங்கிக்கும் நடுவுல: "இந்த ஆள் கேட்டா, இந்த அளவு வரைக்கும், இத்தனை நாளுக்கு ஒருதடவை, என்னைக் கேக்காமலே குடுத்துடு." இந்த ரெண்டாவது பேப்பருக்குப் பேர்தான் மேன்டேட். யுபிஐல இதை ஆட்டோபேன்னு சொல்றாங்க. 2020 ஜூலையில என்பிசிஐ இதைக் கொண்டு வந்துச்சு.

ஆப்பை டெலிட் பண்ணினா ரெண்டு பேப்பருமே கிழியாது. ஆப்புக்குள்ள போய் "கேன்சல்" அழுத்தினா முதல் பேப்பர் முடியுது. நல்ல கம்பெனியா இருந்தா அவங்களே ரெண்டாவதையும் கிழிச்சுடுவாங்க, ஆனா அதை நம்பி விட்டுட முடியாது. போன் தண்ணில போனாலும் ரெண்டாவது பேப்பருக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா அது போன்ல இல்லவே இல்ல. யுபிஐ ஆப் நடத்தற கம்பெனியோட சர்வர்லயும், அதுக்குப் பின்னாடி இருக்கற வங்கியிலயும் இருக்கு. உங்க போன் ஆஃப்ல இருந்தாலும் குறிச்ச தேதியில பணம் போகும். புயல்ல தம்பியோட போன் போச்சு. ஆனா யுபிஐ ஐடியும் பேங்க் அக்கவுன்ட்டும் அப்படியேதான் இருந்துச்சு.

இந்த ரெண்டாவது பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துடுவோம், அது ரொம்ப முக்கியம். யாருக்குப் பணம். அதிகபட்சம் எவ்வளவு. எத்தனை நாளுக்கு ஒரு தடவை. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும். கடைசியா ஒரு நீளமான அடையாள எண், திரையில UMN-ன்னு காட்டும்.

அதுல "அதிகபட்சம்"ங்கற வரியில கண்ணை வைங்க. தம்பி ஒரு ரூபாய்க்கு ட்ரையல் எடுத்தேன்னுதான் சொன்னார். அவர் பின் போட்ட அந்தத் திரையில ஒரு ரூபாய் பெருசா இருந்திருக்கும். ஆனா மேன்டேட்ல எழுதியிருந்தது அதிகபட்சம் 699 ரூபாய், 2033 வரைக்கும். பத்து வருஷம்! அந்த 699-க்குள்ள எவ்வளவு வேணா அவங்க கேக்கலாம், அதுக்கு உங்க பின் வேண்டாம். இன்னைக்கு 199, நாளைக்கு பிளான் விலை ஏறி 299 ஆனாலும் அதே அனுமதி போதும்.

எவ்வளவு தொகை வரைக்கும் பின் இல்லாம போகலாம்ங்கறதுக்கு ரிசர்வ் வங்கி ஒரு எல்லை வச்சிருக்கு. முதல்ல 2,000 ரூபாய், அப்புறம் 5,000, 2022 ஜூன்ல இருந்து 15,000. மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு பில் மூணுக்கும் 2023 டிசம்பர்ல ஒரு லட்சம் ஆக்கிட்டாங்க. சோ, ஒரு ஓடிடி ஆப் 199 எடுக்கறதெல்லாம் எந்தக் கதவையும் தட்டாமப் போயிடும்.

அதே ரிசர்வ் வங்கி விதிதான் உங்க பக்கமும் நிக்குது. பணம் எடுக்கறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரத்துக்கு முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். அதுல யாருக்கு, எவ்வளவு, எப்போன்னு இருக்கணும். அனுமதியை எப்போ வேணும்னாலும் திரும்ப வாங்க ஒரு ஆன்லைன் வசதி இருக்கணும். இதுக்கெல்லாம் உங்ககிட்ட கட்டணம் வாங்கக்கூடாது. தம்பிக்கு அந்த முன்தகவல் ஏன் கண்ணுல படல? நோட்டிபிகேஷன் பழைய யுபிஐ ஆப்புக்குப் போயிருக்கு. புது போன்ல அவர் வேற யுபிஐ ஆப்புக்கு மாறிட்டார். வங்கி எஸ்எம்எஸ் வந்திருக்கு, ஆனா ஒரு நாளைக்கு டீக்கடை, பெட்ரோல், ரீசார்ஜ்னு இருபது எஸ்எம்எஸ் வர்ற போன்ல அதை யார் படிக்கறா.

முதல்ல, எந்த ஆப்புக்குள்ள இருக்குன்னு கண்டுபிடிக்கறது

நிறைய பேர் இங்கதான் தடுமாறுவாங்க. இப்போ வச்சிருக்கற யுபிஐ ஆப்பைத் திறப்பாங்க, ஆட்டோபே பக்கம் போவாங்க, காலியா இருக்கும். "எதுவும் இல்லையே, பேங்க்ல ஏதோ தப்பு"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. தம்பியும் அதையேதான் பண்ணினார். ஆனா மேன்டேட் எந்த யுபிஐ ஐடியில போட்டீங்களோ அந்த ஐடியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஐடியைக் குடுத்த ஆப்ல தேடணும்.

அதுக்கு எஸ்எம்எஸ் போதாது, வங்கி ஸ்டேட்மென்ட் வேணும். உங்க வங்கி ஆப்லயே பிடிஎஃபா எடுக்கலாம். மூணு மாசத்துக்கு எடுங்க, ஒரு மாசம் போதாது. ஏன்னா ஒரே தொகை, கிட்டத்தட்ட ஒரே தேதி, மூணு மாசமும் வந்தாத்தான் அது மாசாந்திர மேன்டேட்னு உறுதியாகும். காலாண்டுக்கு ஒருதடவை, வருஷத்துக்கு ஒருதடவை போறதும் உண்டு, அதுக்கு ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் பாக்கணும்.

ஸ்டேட்மென்ட்ல ஆப்போட பேர் நேரா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. நடுவுல பேமென்ட் கேட்வே கம்பெனி ஒண்ணு இருக்கும், அதோட பேர் வரலாம். இல்லன்னா ஆப் பேர் ஒண்ணு, கம்பெனி பதிவுப் பேர் வேற ஒண்ணா இருக்கும். தம்பி ஸ்டேட்மென்ட்ல அந்த வீடியோ ஆப் பேரே இல்ல, ஏதோ பிரைவேட் லிமிடெட்னு இருந்துச்சு. அதனாலதான் பல மாசம் கண்ணுல பட்டும் தெரியல. சில வங்கிகள் அந்த வரியிலயே மேன்டேட்ங்கற வார்த்தையைச் சேர்த்து எழுதும், அப்படி இருந்தா வேலை சுலபம். மாசத் தொகையும் தேதியும்தான் நம்பகமான அடையாளம்.

அடுத்தது, எந்த ஆப்? உங்ககிட்ட மேன்டேட் போட்ட நாள் எஸ்எம்எஸ் இருந்தா அதுல UMN இருக்கும். அது நீளமான எழுத்துக் குவியல், ஆனா கடைசில ஒரு @ வரும். அதுக்கு அப்புறம் இருக்கறதைப் பாருங்க:

```
@okaxis  @okhdfcbank  @okicici  @oksbi   (கூகுள் பே)
@ybl  @ibl  @axl                         (போன்பே)
@ptsbi  @pthdfc  @ptaxis  @ptyes  @paytm (பேடிஎம்)
@upi                                     (பீம்)
```

ஒரு விஷயம்: இந்த @-க்கு அப்புறம் வர்ற வங்கிப் பேர் உங்க வங்கி இல்ல. உங்க அக்கவுன்ட் இந்தியன் வங்கியில இருந்தாலும் ஐடி @okaxis-ன்னு இருக்கலாம். அது அந்த ஆப்புக்குப் பின்னாடி நிக்கற வங்கி, அவ்வளவுதான். அதை வச்சு ஆக்சிஸ் பேங்க் கிளைக்குப் போய் சண்டை போட்டவங்களும் இருக்காங்க.

எஸ்எம்எஸ் இல்லையா? அப்போ கடந்த சில வருஷத்துல நீங்க பயன்படுத்தின எல்லா யுபிஐ ஆப்பையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பெரும்பாலும் மூணு நாலுக்கு மேல இருக்காது. கேஷ்பேக்குக்காக ஒரு நாள் போட்டு டெலிட் பண்ணினதையும் சேர்த்து எழுதுங்க. தம்பிக்கு இப்படி எழுதினப்போதான் ஞாபகம் வந்துச்சு, பழைய போன்ல வேற ஆப் வச்சிருந்தேன்னு.

பழைய ஆப்பைத் திருப்பிப் போட்டு நிறுத்தறது

இதுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கு. மேன்டேட் போட்டப்போ இருந்த அதே சிம், இப்போ உங்க போன்ல இருக்கணும். யுபிஐ ஆப் முதல் தடவை திறக்கறப்போ உங்க போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா வெளிய போகும், அதை வச்சுத்தான் உங்க எண்ணை உறுதிப்படுத்துது. அதுக்கு கொஞ்சம் ரீசார்ஜ் பேலன்ஸும் இருக்கணும். எண் சரியா இருந்தா, பழைய கணக்கு, பழைய யுபிஐ ஐடி, பழைய மேன்டேட் எல்லாம் மேல வந்துடும். தம்பி டூப்ளிகேட் சிம் வாங்கி அதே எண்ணைத்தான் வச்சிருந்தார், அதனால இந்தப் படி சுலபமா முடிஞ்சுது.

யுபிஐ பின் பத்தி ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு: "பழைய ஆப்போட பின் மறந்து போச்சு." பின் ஆப்போடது இல்ல, வங்கிக் கணக்கோடது. இப்போ புது ஆப்ல அதே அக்கவுன்ட்டுக்கு என்ன பின் போடறீங்களோ, பழைய ஆப்லயும் அதேதான்.

இப்போ உள்ள. கூகுள் பேல மேல இருக்கற உங்க ப்ரொஃபைல் படத்தைத் தொட்டா Autopay-ன்னு ஒரு வரி இருக்கும். போன்பேலயும் ப்ரொஃபைல் படத்துக்குள்ள போனா பேமென்ட் அமைப்புகள் பக்கம் Autopay இருக்கும். மத்த ஆப்கள்ல இதே விஷயம் Mandates-ன்னோ Automatic payments-ன்னோ இருக்கலாம். அப்டேட் வரப்போ இடம் மாறும், அதனால ஆப்போட தேடல் பெட்டியில autopay-ன்னு அடிச்சுப் பாக்கறது குறுக்கு வழி.

திறந்ததும் பட்டியல் ஒண்ணு வரும். நடப்புல இருக்கறது, காத்திருக்கறது, முடிஞ்சதுன்னு பிரிச்சிருக்கும். நடப்புல இருக்கறதைத் தொட்டு, ரத்து பண்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க. UMN, அதிகபட்சத் தொகை, ஆரம்பத் தேதி எல்லாம் அதுல தெரியணும். ரத்து பண்ணின பிறகு சில ஆப்ல விவரம் சுருங்கிடும், அப்புறம் புகார் குடுக்கறப்போ கையில ஒண்ணும் இருக்காது.

அங்க ரெண்டு பட்டன் இருக்கலாம், Pause, Cancel. நிறைய பேர் Pause அழுத்திட்டு நிம்மதியா இருந்துடறாங்க. Pause-ங்கறது இடைவேளைதான், குறிச்ச தேதி வந்ததும் மேன்டேட் திரும்ப எழுந்துடும். நமக்கு வேண்டியது Cancel. சில ஆப்ல Remove-ன்னோ Revoke-ன்னோ இருக்கும். அழுத்தினா யுபிஐ பின் கேக்கும். பின் போட்டா பணம் போயிடுமோன்னு இங்க தயங்குவாங்க. அனுமதியைத் திரும்ப வாங்கறதுக்கும் அடையாளத்தை உறுதிப்படுத்தணும்ங்கறது ரிசர்வ் வங்கி விதி, அதுக்குத்தான் கேக்குது. திரையில ரத்துங்கற வார்த்தையும் அந்த மேன்டேட் பேரும் இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

முடிஞ்சதும் அந்த மேன்டேட் நடப்புப் பட்டியல்ல இருந்து நகர்ந்து முடிஞ்ச பட்டியலுக்குப் போயிருக்கணும். வங்கி எஸ்எம்எஸ்ஸும் வரும். ரெண்டையும் பாத்த பிறகுதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். தம்பிக்கு ஆப்பை இன்ஸ்டால் பண்றதுல இருந்து இது வரைக்கும் பத்து நிமிஷம் கூட ஆகல. அந்த எஸ்எம்எஸ்ஸை எனக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு, "இவ்ளோதானாண்ணா?"ன்னு கேட்டார். கோவமாதான் கேட்டார், நியாயமான கோவம்.

நேரம் பத்தியும் சொல்லிடறேன். பணம் போற நாள் காலையில எழுந்து ரத்து பண்ணலாம்னு தள்ளிப் போடாதீங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து யுபிஐ ஆட்டோபே நெரிசல் இல்லாத நேரத்துல மட்டும்தான் ஓடணும்னு விதி: காலை 10 மணிக்கு முன்னாடி, மதியம் 1 மணியில இருந்து 5 வரைக்கும், ராத்திரி 9.30-க்கு அப்புறம். அதாவது நீங்க தூங்கி எழறதுக்குள்ளயே முடிஞ்சிருக்கலாம். 24 மணி நேர முன்தகவல் வந்த உடனே, முந்தின நாளே வெட்டிடுங்க.

சிலர் வேற ஒரு டெக்னிக் சொல்றாங்க: அக்கவுன்ட்ல காசு வைக்காம விட்டுட்டா தானா நின்னுடும்னு. நிக்காது. ஒரு முயற்சி தோத்தா இன்னும் மூணு தடவை வரைக்கும் அவங்க திரும்ப முயற்சி பண்ணலாம். அதுவும் தோத்தா அந்த மாசம் மட்டும்தான் தப்பிச்சீங்க, மேன்டேட் உயிரோடதான் இருக்கு. சம்பளம் விழுந்த அடுத்த தேதியில அது வேலை செய்யும்.

அந்தச் சிம் இப்போ உங்ககிட்ட இல்லன்னா? அப்போ ஆப் வழி மூடிருச்சு. ஸ்டேட்மென்ட்ல இருக்கற அந்த வரியோட பிரதியையும் தேதியையும் எடுத்துக்கிட்டு, வங்கிக் கிளையில எழுத்துல குடுங்க: "இந்த யுபிஐ மேன்டேட்டை ரத்து செய்யவும்." எண் மாறினதையும் அங்கேயே பதிஞ்சிடுங்க. கேட்டு வாங்கிக்க வேண்டியது புகார் எண்.

2025 ஜனவரியில தம்பிக்கு நான் சொன்னது அந்தக் காலத்து வழி. அதுக்கப்புறம் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கு. 2025 அக்டோபர்ல என்பிசிஐ எல்லா யுபிஐ ஆப்புக்கும் ஒரு உத்தரவு போட்டுச்சு: ஒரு ஆப்ல போட்ட ஆட்டோபேக்களை இன்னொரு ஆப்ல இருந்தும் பாக்க முடியணும், வேணும்னா ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கவும் முடியணும். 2025 டிசம்பர் 31 வரைக்கும் கெடு. அதனால உங்க ஆட்டோபே பக்கத்துல "மற்ற ஆப்களில் உள்ளவை"ங்கற மாதிரி ஒரு பகுதி இருந்தா அதைத் தட்டிப் பாருங்க. ஆனா கவனம், மாத்திக்கறதுன்னா ரத்து இல்ல. மேன்டேட் வீடு மாறுது, அவ்வளவுதான். மாத்தின பிறகும் Cancel தனியா அழுத்தணும்.

யுபிஐல தேடியும் இல்லன்னா

அப்போ அது வேற பேமென்ட் கணக்குல இருக்கு. ஸ்டேட்மென்ட்ல யுபிஐங்கற வார்த்தையே இல்லாம கார்டு எண்ணோட கடைசி நாலு இலக்கம் இருந்தா, அது கார்டு மேன்டேட். உங்க வங்கியோட நெட்பேங்கிங்ல கார்டு பகுதியில e-mandate இல்லன்னா standing instruction-ன்னு தேடுங்க. நிறைய வங்கிகள் இதுக்கு பில்டெஸ்க் நடத்தற sihub.in தளத்தைப் பயன்படுத்துது, உங்க வங்கிப் பக்கத்துல இருந்தே அங்க லிங்க் இருக்கும், அதையே பிடிச்சுப் போங்க. கூகுள்ல தேடி வர்ற முதல் லிங்க்ல கார்டு எண் போடாதீங்க.

வெளிநாட்டு சாஃப்ட்வேர், ஃபான்ட், ஹோஸ்டிங்னு பேபால்ல கட்டறவங்க நம்ம கேட்பாளர்கள்ல இருக்காங்க. 2021 ஏப்ரல்ல இருந்து பேபால் இந்தியாவுக்குள்ள பணப் பரிமாற்றத்தை நிறுத்திடுச்சு, ஆனா வெளிநாட்டுக் கடைக்குக் கட்டறது இருக்கு. அங்க இந்த மேன்டேட்டோட பழைய பேர் பில்லிங் அக்ரிமென்ட். இணையதளத்துல Settings, அப்புறம் Payments, அதுல Automatic payments. ஒரு பட்டியல் வரும், அதுல பல வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வாங்கின கடைகளும் உயிரோட இருக்கும். ஒவ்வொண்ணா தொட்டு Cancel. அடுத்த கட்டணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் ரத்து பண்ணலாம். ஒரு குழப்பம் வரும் இங்க: பேபால்ல இணைச்சிருந்த கார்டை நீக்கிட்டா போதும்னு நினைப்பாங்க. வேற கார்டு இணைச்சிருந்தா அதுல இருந்து எடுக்கும், அக்ரிமென்ட் அங்கேயே இருக்கும்.

ஸ்டேட்மென்ட்ல கூகுள் ப்ளே, ஆப்பிள்னு இருந்தா, மேன்டேட் யுபிஐலயே இருந்தாலும் சந்தா அந்தக் கடையோட கணக்குல இருக்கு. ப்ளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படம், Payments & subscriptions, Subscriptions. ஐபோன்ல Settings-ல உங்க பேரைத் தொட்டு Subscriptions. இந்த ஒரு வகையில மட்டும், முதல்ல அங்க ரத்து பண்ணிட்டு அப்புறம் யுபிஐ பக்கம் போங்க. யுபிஐயை மட்டும் வெட்டினா சந்தா "பேமென்ட் தோல்வி"ன்னு தொங்கிட்டு இருக்கும், வேற பேமென்ட் முறை சேருங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.

வெட்டக்கூடாத மேன்டேட்

லோன் ஆப்ல கடன் வாங்கியிருக்கீங்க, இஎம்ஐ ஆட்டோபேல போகுது. அந்த மேன்டேட்டையும் அதே பட்டன்ல வெட்டலாம். ஆனா முதல் பேப்பர், அதாவது கடன் ஒப்பந்தம், அப்படியே நிக்கும். தவணை தப்பும், அபராத வட்டி ஏறும், சிபில்ல பதிவாகும். இன்சூரன்ஸ் பிரீமியமும் அப்படித்தான், கட்டத் தவறினா பாலிசி காலாவதியாகும். அதனால பட்டியலைப் பாத்ததும் எல்லாத்தையும் வரிசையா அழுத்தாதீங்க. படம், பாட்டு, கேம், ட்ரையல், இதெல்லாம் வெட்டலாம். கடன், காப்பீடு, எஸ்ஐபின்னா வேற வழியில கட்டறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத் தொடுங்க.

போன காசு?

ரத்துங்கறது இனிமேல் போறதைத்தான் நிறுத்தும். போன 2,786 தானா திரும்பாது. தம்பி கேஸ்ல, ட்ரையல் முடிஞ்சதும் 199 ஆகும்னு சின்ன எழுத்துல எழுதியிருந்தா, வங்கி பக்கம் தப்பு இல்லன்னுதான் பதில் வரும். கேக்க வேண்டிய இடம் அந்தக் கம்பெனி. 2023 நவம்பர் 30 அன்னைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்ல 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டிருக்காங்க. அதுல ஒண்ணு சந்தாப் பொறி: இலவசம்னு சொல்லி கார்டு விவரம் இல்லன்னா ஆட்டோ டெபிட் அனுமதி வாங்கறது, ரத்து பண்ற வழியை மறைக்கறது, ரத்து பண்றதைச் சிக்கலாக்கறது. இந்தப் பேரைச் சொல்லியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுக்கலாம். கையில ஸ்க்ரீன்ஷாட், ஸ்டேட்மென்ட், கம்பெனிக்கு அனுப்பின மெயில் மூணும் இருக்கட்டும்.

ரத்து பண்ணின பிறகும் பணம் போச்சுன்னா, அது வேற கதை, அங்க வங்கியையும் யுபிஐ ஆப்பையும் நேரா கேக்கலாம். அந்த டிரான்ஸாக்‌ஷனைத் தொட்டு அங்கேயே புகார் பதியுங்க. ரத்தான தேதி இருக்கற ஸ்க்ரீன்ஷாட்தான் உங்க ஆதாரம். 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ cms.rbi.org.in-ல ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.

அந்தக் கம்பெனியோட கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் கூகுள்ல தேடி கூப்பிடாதீங்க. ஆட்டோபே ரத்து, ரீஃபண்ட்னு தேடறவங்களைப் பிடிக்கறதுக்குன்னே போலி எண்கள் போட்டு வச்சிருக்காங்க. "ரீஃபண்ட் அனுப்பறேன், வர்ற ரெக்வஸ்ட்ல பின் போடுங்க"ம்பான். இல்ல, திரையைப் பகிர்ற ஆப் ஒண்ணைப் போடச் சொல்வான். பணம் வாங்கறதுக்கு யுபிஐல பின் கேக்கவே கேக்காது. இன்னைக்கு நாம பின் போட்டது ஒரே ஒரு இடத்துல, நம்ம ஆப்புக்குள்ள நாமளே திறந்த ரத்துப் பக்கத்துல. அப்படி ஏமாந்து பணம் போயிருந்தா 1930-க்கு உடனே கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில பிடிச்சு நிறுத்த வாய்ப்பு இருக்கு.